19 சான்றிதழ்கள், ஒரு காலித் திரை

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 31. ஒரு நிறுவனத்தில் மாதாந்திர அறிக்கைகள் தயாரிக்கும் வேலை. டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும் என்று இரண்டு வருடமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஆன்லைன் கோர்ஸ் படிக்கிறேன். எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான், டாஷ்போர்டு என்று இதுவரை 19 சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன். போன மாதம் ஒரு நேர்காணலில், "ஒரு ஆர்டர்கூடப் போடாத வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுங்கள்" என்றார்கள். இதே மாதிரிக் கணக்கில் கோர்ஸில் முழு மதிப்பெண் வாங்கியவர் நான். ஆனால் காலித் திரையைப் பார்த்ததும் கை ஓடவில்லை. SELECT என்று அடித்ததோடு சரி. என் ஞாபக சக்தியில் ஏதாவது கோளாறா? அடிப்படை போதவில்லை என்று நினைத்து, மெஷின் லேர்னிங் வரை போகும் ஆறு மாத கோர்ஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சேரலாமா? இந்த 19 சான்றிதழ்களையும் ரெஸ்யூமேயில் போடலாமா? அடுத்த வாரம் சந்தாவைப் புதுப்பிக்கும் நாள் வருகிறது.

ஆலோசகர் பதில்:

வணக்கம். ஞாபக சக்திக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களை அதிகம் அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. கோளாறு எதுவும் இல்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு வேலை, ஒன்றுமே இல்லாத திரையில் நாமாக எழுதுவது இன்னொரு வேலை. கோர்ஸ் உங்களுக்கு முதல் வேலையில் பயிற்சி கொடுத்து, முதல் வேலையிலேயே பரீட்சை வைத்து, அதற்குத்தான் சான்றிதழ் கொடுத்தது. நேர்காணலில் கேட்டது இரண்டாவது வேலையை.

அன்று கேட்ட கேள்விக்கு விடை நான்கே வரி:

```sql
SELECT c.name
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.id IS NULL;
```

இதைப் பார்த்ததும் "அட, இதுதானே, தெரியுமே" என்று தோன்றியிருக்கும். அந்த "தெரியுமே"யைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பாருங்கள். இந்த நான்கு வரியை எழுதுவதற்கு முன் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். எந்தப் பட்டியலை இடப்பக்கம் வைப்பது? இரண்டையும் எந்தப் பத்தியால் இணைப்பது? "ஆர்டர் போடவில்லை" என்கிற மனிதப் பேச்சு, டேபிளில் எந்த வடிவத்தில் தெரியும்? மூன்றாவதுதான் கஷ்டம். இல்லாத ஒன்றுக்கு டேபிளில் வரிசையே கிடையாது. இணைத்த பிறகு வலப்பக்கம் வெறுமையாக நிற்கும் இடத்தைத்தான் அதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோர்ஸில் இதே கணக்கு எப்படி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாடத்தின் தலைப்பே LEFT JOIN. அதைப் பார்த்ததுமே பாதி விடை கைக்கு வந்துவிட்டது. கீழே பயிற்சிப் பெட்டியில் முதல் மூன்று வரிகள் அநேகமாக அச்சாகியே இருந்திருக்கும். கடைசி வரியில் ஒரு கோடிட்ட இடம். முந்தைய வீடியோவில் ஆசிரியர் இரண்டு நிமிடம் முன்புதான் IS NULL என்று சொன்னார். நீங்கள் அதை நிரப்பினீர்கள், பச்சை டிக் விழுந்தது. மூன்று முடிவுகளையும் பாடத்தைத் தயாரித்தவர் உங்களுக்காக எடுத்து வைத்துவிட்டார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. புதிதாகப் படிப்பவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அந்தத் துணைச் சக்கரத்தை எப்போது கழற்றுவது என்பதுதான் பிரச்சினை. நிறைய கோர்ஸ்களில் அதைக் கழற்றுவதே இல்லை. அடுத்த கோர்ஸில் புதிதாக ஒன்றை மாட்டிவிடுகிறார்கள்.

இதை அளந்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு சிறு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை அதைப் பார்க்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை மாறிவிட்டது. நான்கு முறை படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு முறை படித்த குழுவினர்தான். உங்கள் சான்றிதழ் தேர்வுகள் பெரும்பாலும் அந்த ஐந்தாவது நிமிடத்தில் நடப்பவை. நேர்காணல் வருவது பல வாரங்கள் கழித்து.

சரி, இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

19 சான்றிதழ்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, அந்தக் கோர்ஸில் வராத ஒரு சின்னக் கேள்வியை நீங்களே எழுதுங்கள். "இந்தப் பட்டியலில் ஒவ்வொரு மாதமும் முதலிடம் பிடித்த பொருள் எது?" என்கிற அளவுக்கு இருந்தால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீதம், கேள்விக்கு 20 நிமிடம். புதிய கோப்பு, குறிப்புகள் மூடியிருக்க வேண்டும், வீடியோ கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு கட்டளையின் சரியான எழுத்து, அடைப்புக்குறி எங்கே வரும் என்பதெல்லாம் மறந்துபோனால் அது கணக்கில் வராது. இருபது வருடம் அனுபவம் உள்ளவரும் அதைத் தேடித்தான் பார்ப்பார். அதற்கு ஒரு வெற்றிடம் விட்டுவிட்டு மேலே போங்கள். எந்த டேபிளில் தொடங்குவது, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முடித்ததும் 19-உம் மூன்று குவியலாகப் பிரியும். எழுத வந்தவை, பாதியில் நின்றவை, தொடங்கவே வராதவை. நான் இதைச் செய்து பார்த்தபோது என்னிடம் 11 சான்றிதழ்கள் இருந்தன, முதல் குவியலில் மூன்றுதான் விழுந்தன. அதில் ஒன்று எதைப் பற்றியது என்றே நினைவில்லை. சான்றிதழைத் திறந்து தலைப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்! உங்களுக்கும் மூன்றோ நான்கோ தேறினால் மனம் உடைந்துபோக வேண்டாம். உங்களுக்கு அதிகப் பலன் தரப்போவது நடுக் குவியல். பாதி தூரம் வருகிறது என்றால், எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். மூன்றாம் குவியலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

212 பேரில் 143 பேர்

நடுக் குவியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு, என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். உங்களைப் போலவே அவரிடமும் எஸ்.க்யூ.எல். சான்றிதழ்கள் இரண்டு இருந்தன. வார இறுதியில் ஒரு சிறு நூலகத்தில் தன்னார்வமாக உதவி செய்துகொண்டிருந்தார். "எங்கள் உறுப்பினர்களில் யார் எவ்வளவு புத்தகம் எடுக்கிறார்கள், யார் வருவதே இல்லை?" என்று நூலகர் அவரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றேன்.

உறுப்பினர் பட்டியல் ஒன்று, புத்தகம் எடுத்த பதிவு ஒன்று. அவர் எழுதியது இது:

```sql
SELECT m.name, COUNT(*) AS times
FROM members m
LEFT JOIN loans l ON l.member_id = m.id
WHERE l.loan_date >= '2024-01-01'
GROUP BY m.id, m.name;
```

பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. 143 வரிசைகள் அழகாக வந்தன. வரைபடமும் போட்டு எனக்கு அனுப்பிவிட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நூலகத்தில் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள்? பார்த்துவிட்டு வந்து 212 என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. 69 பேரைக் காணோம். வருவதே இல்லாதவர்கள் யார் என்பதுதான் கேள்வி, காணாமல் போனவர்களோ அவர்களேதான்.

எங்கே போனார்கள்? LEFT JOIN எல்லா உறுப்பினர்களையும் வைத்துக்கொள்ளத்தான் செய்தது. புத்தகமே எடுக்காதவருக்கு நேரே தேதிப் பத்தி வெறுமையாக நின்றது. அதற்குப் பிறகு WHERE வந்து, "தேதி 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகா?" என்று ஒவ்வொரு வரிசையையும் கேட்டது. வெறுமைக்கு அந்தக் கேள்விக்கு ஆம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. ஆம் என்று வராத எதையும் WHERE தூக்கிப் போட்டுவிடும். வருடக்கணக்கில் முன்னால் மட்டும் புத்தகம் எடுத்தவர்களும் அதே வழியில் போனார்கள். தேதி நிபந்தனை இணைக்கும் நேரத்திலேயே பார்க்கப்பட வேண்டும் என்றால் அது ON பக்கத்தில் இருக்க வேண்டும்:

```sql
LEFT JOIN loans l ON l.member_id = m.id
  AND l.loan_date >= '2024-01-01'
```

இப்போது உங்கள் நேர்காணல் விடையை மறுபடி பாருங்கள். அங்கே WHERE-ல் வைத்த நிபந்தனை சரி, இங்கே அதே இடத்தில் வைத்தது தவறு. அங்கே நமக்கு வெறுமையான வரிசைகள் மட்டும் தேவைப்பட்டன, இங்கே அவை மற்றவற்றோடு சேர்ந்து இருக்க வேண்டியிருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இந்த வித்தியாசம் ஒருவருக்குத் தட்டுப்படவே செய்யாது. கோடு எங்கே போட்டிருக்கிறதோ அங்கேதானே எழுதப்போகிறோம்.

திருத்திய பிறகு 212 வரிசைகள் வந்தன. ஆனால் ஒரு முறை மட்டும் புத்தகம் எடுத்தவர்கள் என்று 100 பேர் நின்றார்கள், பூஜ்யம் என்று ஒருவர்கூட இல்லை. இந்த முறை அவரே கண்டுபிடித்துவிட்டார். COUNT(*) வரிசைகளை எண்ணுகிறது, வெறுமையாக நிற்கும் வரிசையும் ஒரு வரிசைதான். அதை COUNT(l.id) என்று மாற்றியதும் அந்த நூறு பேர் 31-ஆகவும் 69-ஆகவும் பிரிந்தார்கள்.

அந்த 69 பெயர்களையும் எடுத்துக்கொண்டு நூலகரிடம் போனார். நூலகர் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, "இவர் போன வாரம்கூட வந்தாரே" என்றாராம். உறுப்பினர் அட்டை தொலைந்தால் அங்கே புது எண் கொடுப்பது வழக்கம், பழைய எண்ணை யாரும் நீக்குவதில்லை. ஆக, ஒரே ஆள் இரண்டு எண்ணில் இருந்தார், பழைய எண்ணுக்கு நேரே பூஜ்யம். அப்படி எட்டுப் பேர். உண்மையில் வராதவர்கள் 61.

இதற்கெல்லாம் மூன்று வாரம் ஆனது, வேலை முடிந்து வந்து மாலை நேரங்களில். இந்த மூன்று வாரத்தில் அவர் பழைய கோர்ஸைத் திறந்தது இரண்டே முறை. ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு மட்டும். நடுவில் ஒரு நாள், "எனக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் இப்போது தெரிகிறது" என்று எழுதியிருந்தார். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே மாதிரிதான் வந்தது. தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். சரளமான வீடியோவைப் பார்த்து முடித்ததும் வரும் திருப்தியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் கேள்வி உங்கள் மேஜையிலேயே இருக்கிறது

நூலகம் தேடிப் போக வேண்டாம். மாதாமாதம் அறிக்கை தயாரிக்கிறீர்கள். அதில் கையால் செய்யும் எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது? மூன்று கோப்புகளிலிருந்து எண்களை நகலெடுத்து ஒட்டுவதா, ஒரே பெயர் இரண்டு விதமாக வருவதைத் திருத்துவதா? அதில் ஒன்றை மட்டும் எடுத்து, நடுக் குவியலில் உள்ள ஒரு கருவியால் செய்து பாருங்கள். பழைய முறையை உடனே நிறுத்திவிட வேண்டாம். இரண்டு மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போதுதான் நீங்கள் உண்மையிலேயே படிக்கத் தொடங்குவீர்கள். சில சமயம் கையால் செய்த பழைய முறையில்தான் தவறு இருந்திருக்கும், அதைக் கண்டுபிடித்தால் அலுவலகத்தில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். அலுவலகத் தரவை உங்கள் சொந்தக் கணினிக்கோ மின்னஞ்சலுக்கோ எடுத்துவராதீர்கள். பயிற்சிக்குத்தானே என்பது காரணமாகாது. வேலை ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருந்தால் அதை மீறியதாகும், அதில் வாடிக்கையாளர் விவரம் இருந்தால் இன்னும் மோசம். அலுவலகக் கணினியில், மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வீட்டில் பழக வேண்டுமென்றால், அதே பத்தித் தலைப்புகளோடு நீங்களே 200 வரிசை பொய்த்தரவு தயாரித்துக்கொள்ளுங்கள். அதில் வேண்டுமென்றே நாலைந்து அழுக்கையும் சேருங்கள். இரட்டைப் பதிவு, விடுபட்ட தேதி, எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து. கோர்ஸில் தரும் தரவு கழுவித் துடைத்து வைத்தது, அதில் பழகிய கை அலுவலகக் கோப்பைப் பார்த்ததும் நின்றுவிடும்.

கூடவே ஒரு நோட்டு வையுங்கள். எங்கே நின்றீர்களோ அதைத் தேதியோடு ஒரே வரியில் எழுதுங்கள். "இரண்டு கோப்பில் தேதி வேறு வேறு வடிவம், இணைக்க முடியவில்லை" என்கிற மாதிரி. விடை கிடைத்ததும் அதற்குக் கீழே எழுதுங்கள். மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் அந்த விடையை மூடிவைத்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். உங்கள் இரண்டு வருடப் படிப்பில் விட்டுப்போனது இந்த இரண்டாவது மூன்றாவது முறைதான்.

ஆறு மாத கோர்ஸ்

இப்போது சேர வேண்டாம். மெஷின் லேர்னிங் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆனால் எந்த மாடலுக்கும் முதலில் ஒரு டேபிளைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அந்த 143 வரிசை டேபிளை ஒரு மாடலுக்குக் கொடுத்து, "யார் வருவதை நிறுத்துவார்கள்?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருவதை நிறுத்தியவர் ஒருவரைக்கூடப் பார்க்காத மாடல் அது. இருந்தும் ஏதோ ஒரு விடையைத் தைரியமாகச் சொல்லியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் மென்மையாக மறுக்க விரும்பும் ஒரு வாக்கியம், அடிப்படை போதவில்லை என்பது. அடிப்படையைப் பற்றிய வீடியோக்களை நீங்கள் தேவைக்கு மேலேயே பார்த்தாகிவிட்டது. நேர்காணலில் தோற்ற வலிக்கு இன்னொரு கோர்ஸில் சேர்வது உடனடி நிவாரணம் தரும், சேர்ந்த அன்றே ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் 19 வரை வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

எப்போது சேரலாம் என்று கேட்டால், உங்கள் நோட்டைப் பார்க்கச் சொல்வேன். ஒரே விஷயத்தில் மூன்று தடவை நின்றிருக்கிறீர்கள், தேடிப் படித்தும் சரியாகவில்லை என்றால் அதற்கான பாடத்தை மட்டும் எடுங்கள். முழு கோர்ஸையும் முடித்தே தீர வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நான்காவது பாடம் மட்டும் வேண்டுமென்றால் நான்காவதைப் படித்துவிட்டு எழுந்து வாருங்கள். சான்றிதழ் வராது, பரவாயில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சான்றிதழும் ஒரே ரகம் இல்லை. கோர்ஸை முடித்ததற்குத் தருவது ஒன்று. கண்காணிப்போடு தனித் தேர்வு வைத்துத் தருவது இன்னொன்று. அமேசான் வெப் சர்வீசஸ் தரும் தொழில்நுட்பச் சான்றிதழ்கள் அந்த இரண்டாவது ரகம், அவற்றுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும். நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் ஒரு இருபதை எடுத்து, ஒரு குறிப்பிட்ட சான்றிதழை எத்தனை பேர் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பேர் கேட்டால் அந்தத் தேர்வுக்குத் தயாராவது நியாயமான முடிவு. ஒருவரோ இருவரோ கேட்டால் விட்டுவிடலாம்.

ரெஸ்யூமே

19-ஐயும் போடாதீர்கள். ஆள் எடுக்கும் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், நீளமான சான்றிதழ்ப் பட்டியலைப் பார்த்தால் மதிப்பு கூடுவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. அடுத்து நான் கேட்கும் கேள்வியும் மாறாது: "இதில் எதை, எங்கே பயன்படுத்தினீர்கள்?" பட்டியலில் உள்ள எந்த வரியை வேண்டுமானாலும் தொட்டுக் கேட்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் குவியலில் கிடக்கும் ஒன்றை நீங்களே எழுதிக்கொடுத்து, அதிலேயே மாட்டிக்கொண்டால், நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பேச வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

முதல் குவியலிலிருந்து இரண்டு மூன்றை மட்டும் எழுதுங்கள். மேலே, செய்த வேலையைப் பற்றி இரண்டு வரி. என்ன கேள்வி, எவ்வளவு தரவு, எந்த இடத்தில் தவறியது, எப்படித் தெரிந்தது, கடைசியில் என்ன மாறியது. நூலகத்தில் உதவி செய்தவர் தன் ரெஸ்யூமேயில் 143 பேரின் கதையை மூன்றே வரியில் எழுதியிருந்தார். அடுத்த நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அதைப் பற்றியே பேச்சு போனதாகச் சொன்னார். எண்ணிக்கையைச் சரிபார்க்க இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். இணைப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை வரிசைகளை எண்ணுவேன் என்றிருக்கிறார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அனுபவம் கூடிய வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த இடத்தில் கிடைத்தது.

செய்த வேலையை வெளியே காட்டும்போதும் தரவு யாருடையது என்பதைப் பாருங்கள். அலுவலக எண்களை எங்கேயும் பதிவேற்றக் கூடாது. பொய்த்தரவில் செய்த அதே வேலையைக் காட்டலாம், பொய்த்தரவு என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் போதும்.

சந்தா

அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நிறுத்துவதற்கு முன் 19 சான்றிதழ்களையும் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், பயிற்சியில் நீங்கள் எழுதிய விடைகள் கிடைக்குமானால் அவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். சந்தா நின்ற பிறகு பாடங்கள் திறக்குமா என்பது தளத்துக்குத் தளம் மாறும், அதனால் நிபந்தனையை ஒரு தடவை படித்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ரத்தாகிவிட்டது என்று மின்னஞ்சல் வருகிறதா என்று பார்த்து, அதைச் சேமித்து வையுங்கள்.

பிறகு ஒரு புதுக் கோப்பைத் திறந்து, மேலே உள்ள நான்கு வரியைப் பார்க்காமல், அந்த நேர்காணல் கேள்விக்கான விடையை எழுதிப் பாருங்கள். customers, orders என்று இரண்டு டேபிள், ஒவ்வொன்றிலும் பத்து வரிசை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதில் மூன்று வாடிக்கையாளர்களுக்கு ஆர்டரே இருக்கக் கூடாது. விடையில் மூன்று பெயர் வர வேண்டும்.